காலியாகக் கிடந்த கட்டம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். லாரியில் கிளீனராக ஏறி, அந்த லாரியையே விலைக்கு வாங்கி, பிறகு தோப்பு வாங்கி, இன்றைக்குக் கறம்பக்குடி வட்டாரத் தென்னை விவசாயிகள் சங்கத்துக்குத் தலைவராக உட்கார்ந்திருக்கிறேன். போட்டியே இல்லாமல் தேர்ந்தெடுத்தார்கள். எதிர்த்து நிற்க யாருக்கும் துணிச்சல் இல்லை என்பதுதான் உண்மை.

தோப்புகளில் வெள்ளை ஈ இறங்கிய வருஷம் அது. மட்டைக்கு அடியில் மாவு தெளித்ததுபோல ஒட்டிக்கொண்டிருக்கும். அது கழிக்கிற தேன்போன்ற பிசுபிசுப்பு கீழ் மட்டைகளில் விழுந்து, அதன்மேல் கரும்பூஞ்சை படர்ந்து, தோப்பே அடுப்புக்கரி பூசியதுபோல ஆகிவிடும். என்ன செய்வது என்று உறுப்பினர்கள் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். கேட்டால் பாட்காஸ்டில் கேட்டேன் என்பார்கள். விவசாயப் பேட்டிகளைப் போனில் போடும் நிகழ்ச்சி ஒன்று. அதில் வெள்ளை ஈயைப் பற்றி மட்டும் நான்கு பேர் நான்கு பகுதிகளில் பேசியிருந்தார்கள். ஒவ்வொன்றும் ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. யாரும் நான்கையும் கேட்கவில்லை. தனக்குப் பிடித்த ஆளைக் கேட்டுவிட்டு மற்றவர்களை முட்டாள் என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

நான்கையும் சேர்த்து ஒரே தாளில் ஒப்பிட்டுப் பார்த்தால் சண்டை தீரும் என்ற யோசனை என்னுடையது. வேலையைச் செய்தது சங்கத்துச் செயலாளர் அம்மா. உரக்கடை மாடியில் இருக்கும் எங்கள் ஆபீசில் கணினியைக் கையாளத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். பேச்சை எழுத்தாக மாற்றும், சொன்னதை எழுதியும் தரும் ஏ.ஐ. செயலியில் நான்கு பகுதிகளையும் கொடுத்து, வந்த எழுத்தைத் திரும்பக் கேட்டுத் திருத்தினார். பேட்டி எடுப்பவர் கேட்டதை விருந்தாளி சொன்னதாகச் செயலி சில இடங்களில் மாற்றிப் போட்டிருந்தது. அதையெல்லாம் பிரித்து எடுத்தார்.

பிறகு கட்டம் போட்டார். மேலே நான்கு பேர்: பொள்ளாச்சிப் பக்கத்து விவசாயி, ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி, பூச்சிமருந்துக் கடைக்காரர், ஆராய்ச்சி செய்யும் பெண்மணி. பக்கவாட்டில் கேள்விகள். ஈயை எப்படிக் குறைப்பது என்ற கேள்விக்கு, விவசாயி மருந்தே வேண்டாம், ஈயைத் தின்னும் பூச்சிகள் வரட்டும் என்கிறார். அதிகாரி மட்டைக்கடியில் தண்ணீரைப் பீய்ச்சச் சொல்கிறார், மஞ்சள் ஒட்டுப்பொறி கட்டச் சொல்கிறார். ஆராய்ச்சிக்காரர் மருந்தடித்தால் நல்ல பூச்சிதான் முதலில் சாகும் என்கிறார். கடைக்காரர் மட்டும் வேர் வழியாக மருந்து கொடுப்பதுதான் தீர்வு என்கிறார். இளம் வேரைச் சீவி, மருந்துப் பொட்டலத்துக்குள் விட்டுக் கட்டினால் மரம் உறிஞ்சிக்கொள்ளும். ஒவ்வொரு பதிலுக்குக் கீழேயும் எத்தனையாவது நிமிடத்தில் சொன்னார் என்று எழுதியிருந்தார்.

நல்ல வேலைதான். ஆனால் தாளில் அங்கங்கே வெறும் கட்டங்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. லாரியில் பாதி லோடு ஏற்றி அனுப்பியதே இல்லை நான்.

“பேசாததை என்னன்னு எழுதுறதுங்க ஐயா? அவரு அதைப் பத்திச் சொல்லவே இல்லை” என்றார்.

“காலியா இருந்தா வேலையை முடிக்கலன்னு நெனைப்பாங்கம்மா. நெரப்புங்க” என்றேன்.

அவர் நாற்காலியைக் கணினிப் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு செயலியிடமே நிரப்பச் சொன்னார். ஒரு நிமிடத்தில் எல்லாக் கட்டமும் நிரம்பியது. பார்க்க அழகாக இருந்தது. மாலையே வாட்ஸ்அப் குழுவில் போடச் சொன்னேன். நம் மாவட்டத்திலேயே இப்படி ஒரு தாள் யாரும் போட்டதில்லை என்று பாராட்டு வந்துகொண்டே இருந்தது.

மறுநாள் காலை டீக்கடையில் இருந்தபோது செயலாளர் அம்மா கூப்பிட்டார். குரல் சரியில்லை. இரவெல்லாம் மனசு கேட்கவில்லை, நிரப்பிய கட்டங்களை மட்டும் மறுபடி பார்த்தேன் என்றார். அவற்றுக்குக் கீழே நிமிடம் இல்லை. மருந்து கட்டியபின் காய் எப்போது வெட்டலாம் என்ற வரிசையில், கடைக்காரர் கட்டத்தில் ‘வழக்கம்போல் வெட்டலாம்’ என்று வந்திருந்தது. அவர் அப்படிச் சொல்லவே இல்லை. காய் வெட்டுவதைப் பற்றி அந்தப் பேட்டியில் ஒரு வார்த்தையும் இல்லை. அதிகாரிதான் வேறு பகுதியில், கட்டுவதற்கு முன்பே காயை இறக்கிவிட வேண்டும், மருந்து காய்க்குள்ளும் இறங்கும், கட்டியபின் ஒன்றரை மாதம் தொடக்கூடாது என்று சொல்லியிருந்தார். அது பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. ஆனால் கடைக்காரர் வழியில் போகிறவர் அவர் பத்தியைத்தானே மேலிருந்து கீழே படிப்பார்.

டீயை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். என் தங்கச்சி இரவே போனில் சொல்லியிருந்தாள், ஆள் சொல்லிவிட்டேன், காலையில் வேர் கட்டப்போகிறோம் என்று. அவள் தோப்பு இளநீர்த் தோப்பு. சாயங்காலம் வியாபாரியின் வண்டி வரும். ராத்திரியே திருச்சிக்குப் போய், விடிந்தால் ஆஸ்பத்திரி வாசலில் நோயாளிகள் குடிப்பார்கள்.

போன் போட்டேன், அவள் எடுக்கவில்லை. தோப்புக்குப் போனால் போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறவள். குழுவில் ‘தாளை நம்பாதீர்கள்’ என்று ஒரு வரி போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். எத்தனையோ ராத்திரி லோடோடு மலைப்பாதை இறங்கியிருக்கிறேன், அன்றைக்குப்போல நாக்கு வறண்டதில்லை. வேறு யார் யார் கட்டினார்களோ, யார் வெட்டினார்களோ என்று ஒவ்வொரு தோப்பாகப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். எல்லாத் தோப்பும் சும்மாதான் இருந்தன. வெட்டி முடித்துவிட்டார்களோ என்று அதுவும் பயமாக இருந்தது.

தங்கச்சி தோப்பில் கிணற்றோரத்து மரங்களுக்குக் கட்டி முடித்திருந்தார்கள். வேரடியில் பொட்டலங்கள் தொங்கின. மேலே குலைகள் முழுசாக இருந்தன. குழுவில் வந்ததைப் பார்த்து எழுதிவைத்திருந்த தாளை அவள் எடுத்து நீட்டினாள்.

“வழக்கம்போல வெட்டலாம்னு நீ அனுப்புனதுலதான்ணே இருக்கு.”

“அது அந்தாளு சொன்னது இல்ல, ஆத்தா.”

“அப்ப யாரு சொன்னா?”

“யாரும் சொல்லல. கட்டம் காலியா இருந்துச்சு. நெரப்பச் சொன்னேன்.”

அவள் தாளை மடித்து இடுப்பில் செருகினாள். “ஏண்ணே, லாரிக்கு லோடு ஏத்துறாப்புல ஏத்துனியாக்கும்” என்றாள். ஆட்களில் ஒருவர் சிரித்துவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

பொட்டலங்களை அவிழ்க்கச் சொன்னேன். சிலவற்றில் மருந்து பாதி இறங்கியிருந்தது. எது எவ்வளவு குடித்தது என்று சொல்ல முடியாது. கட்டிய மரம் அத்தனைக்கும் தூரில் சிவப்புச் சாயம் அடிக்கச் சொன்னேன். சாயங்காலம் வியாபாரி வந்து, கிணற்றோரத்துக் குலைதான் நல்ல குலை, ஒரு நாள் விட்டு நாளைக்கு வெட்டினால் போகிறது என்றார். நான் மரத்தடியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். தங்கச்சி அவரிடம், சிவப்பு போட்டதை ஒன்றரை மாதத்துக்குத் தொடுவதில்லை, வேண்டுமானால் அந்தப் பக்கம் ஏறுங்கள் என்றாள். வண்டி பாதி லோடோடு போனது.

இரவு குழுவில் ஒவ்வொருவராகக் கேட்டோம். வேறு யாரும் கட்டவில்லை என்று பதில் வர வர எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவர் மட்டும் பதில் போடாமல் இருந்தார். மறுநாள் மதியம்தான், போனில் சார்ஜ் இல்லை என்று எழுதினார். அதுவரை நான் சாப்பிடவில்லை.

தாளைத் திரும்பப் போட்டோம். பேசாத இடத்தில் ‘இதைப் பற்றிப் பேசவில்லை’ என்று எழுதினோம். பதில் இருக்கும் கட்டங்களில் நிமிடம் இல்லாதது ஒன்றுகூட இல்லை. கூட்டத்தில் ஒருவர், பாதித் தாள் சும்மா கிடக்கிறதே தலைவரே என்றார். கிடக்கட்டும் என்றேன். காலிக் கட்டத்தோடு தாள் கொடுக்கத் துணிந்த தலைவர் இந்தப் பக்கத்தில் நான் ஒருவன்தான். சிவப்புச் சாயம் அடித்த மரங்களைப் பார்க்க அந்த ஒன்றரை மாதமும் தினம் தங்கச்சி தோப்புக்குப் போய் வந்தேன்.