அளவு ஜாக்கெட்டும் எட்டாவது படமும்

எனக்கு ஹூக் கட்டுவது பிடிக்காது. ஜாக்கெட்டின் முன்பக்கத்தில் வரிசையாக ஐந்து ஹூக், ஐந்து வளையம். ஒன்று அரை நூல் தள்ளிப் போனாலும் அக்கா பிரித்து மறுபடி கையில் கொடுப்பாள். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இருக்கும் அவள் தையல் கடையில் இரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். பெரம்பலூரிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போய், பட்டதாரியான நான், ஹூக் கட்டினேன்.

அதிலிருந்து தப்பிக்கத்தான் இன்ஸ்டாகிராமைக் கண்டுபிடித்தேன். கடை பேரில் அதில் ஒரு பக்கம் ஆரம்பிக்கிறேன், வாடிக்கையாளர் குவிவார்கள், நான் போனை மட்டும் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அக்கா கத்தரியைக் கீழே வைக்காமலே சொன்னாள்.

"தீபாவளி வரைக்கும் பாரு. யாரும் வரலன்னா போனை மேசைக்குள்ள வச்சிட்டு இங்க வந்து உக்காரு."

இப்படித்தான் என் பதவி உயர்வு முடிவானது.

வாரம் மூன்று பதிவு போட்டேன். ஒவ்வொன்றிலும் எட்டுப் படம், விரலால் தள்ளித் தள்ளிப் பார்ப்பது. பட்டு ஜாக்கெட்டை எப்படித் துவைப்பது, எந்தக் கழுத்து யாருக்குப் பொருந்தும், லைனிங் துணியை ஏன் முதலில் நனைக்க வேண்டும் என்று விஷயம் எல்லாம் அக்காவுடையது. கடைசிப் படம் மட்டும் என்னுடையது. அதில் ஆரம்பத்தில் லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க, சேவ் பண்ணுங்க, ஃபாலோ பண்ணுங்க என்று நான்கு பிச்சைப் பாத்திரத்தை வரிசையாக வைத்திருந்தேன். யாரும் எதுவும் போடவில்லை.

அப்போதுதான் ஓர் ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். எல்லாப் பதிவும் ஒரே வரியில் முடிய வேண்டும், பார்ப்பவர்கள் அந்த வரியை வைத்தே உங்களை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும் என்று அதில் சொன்னார்கள். ஒரே வரி என்பதை மட்டும் நான் காதில் வாங்கவில்லை. திங்கட்கிழமை 'இழைகளில் பூக்கும் இளமை' என்று எழுதினேன். புதன்கிழமை 'ஊசி முனையில் ஒரு உலகம்'. வெள்ளிக்கிழமை எழுதியதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் புது நிறம், புது எழுத்து. என் திறமையை ஒரே வரியில் அடக்க எனக்கு மனம் வரவில்லை.

இவை எல்லாவற்றுக்கும் விடாமல் லைக் போட்ட ஒரே கணக்கு, முகப்புப் படம் இல்லாத, பெயருக்குப் பதில் எழுத்தும் எண்ணுமாக இருந்த ஒன்று. போலிக் கணக்கு என்று முடிவு செய்தேன். என் கவிதையை மனிதர்கள் ரசிக்கவில்லை, ஏதோ இயந்திரமாவது ரசிக்கிறதே என்று தேற்றிக்கொண்டேன்.

ஒருநாள் செந்துறையிலிருந்து ஓர் அம்மா பஸ் ஏறி வந்து, துணியை மட்டும் நீட்டினார். அளவு ஜாக்கெட் இல்லை. நன்றாகப் பொருந்துகிற பழைய ஜாக்கெட் ஒன்றைக் கொடுத்தால்தான் அக்கா வெட்டுவாள். இஞ்ச் டேப்பை அவள் முழுசாக நம்புவதில்லை.

"அளவு ஜாக்கெட் எடுத்துட்டு வாங்க. மத்தத நான் பாத்துக்குறேன்" என்று அந்த அம்மாவைத் திருப்பி அனுப்பினாள். கடை திறந்த நாளிலிருந்து அவள் எல்லோரிடமும் சொல்கிற அதே இரண்டு வாக்கியம். வாடிக்கையாளரை விரட்டுவதற்கு இதைவிட நல்ல வரி கிடையாது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்த எரிச்சலில், நக்கலாக, அதையே அன்றைய கடைசிப் படத்தில் போட்டேன். மெரூன் பின்னணி, வெள்ளை எழுத்து, அவ்வளவுதான்.

அடுத்த நாள் எனக்குக் காய்ச்சல். கடைசிப் படத்துக்குப் புதிதாக யோசிக்கத் தெம்பில்லை. பழைய படத்தையே ஒட்டினேன். காய்ச்சல் நாலு நாளில் போய்விட்டது, சோம்பேறித்தனம் ஒரு மாதம் தாண்டியும் போகவில்லை. எல்லாப் பதிவிலும் எட்டாவதாக அதே மெரூன், அதே எழுத்து, அதே வரி.

பிறகு கமெண்டுகள் வந்தன. "ஏழாவது படத்துலயே அக்கா குரல் கேக்குது" என்று ஒருவர். "எங்க வீட்டுக்காரர் எது கேட்டாலும் இப்ப இதான் சொல்றேன், மத்தத நான் பாத்துக்குறேன்" என்று இன்னொருவர். கடைக்கு வந்த பெண்கள் மஞ்சள் பையிலிருந்து அளவு ஜாக்கெட்டை முதலில் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, அக்கா வாயைத் திறக்கும் முன்பே, "மத்தத நீங்க பாத்துக்குவீங்க" என்று சிரித்தார்கள். அக்கா என்னை முறைத்தாள். நான் வகுப்பில் படித்த 'தொடர்ச்சி' என்ற உத்தியைத் திட்டமிட்டுக் கையாண்டதாக அவளுக்கு விளக்கினேன். சோம்பேறித்தனத்துக்கு இவ்வளவு மரியாதையான பெயர் இருப்பது எனக்கும் அன்றுதான் தெரியும்.

அதோடு நின்றிருக்கலாம். ஆனால் ஊரே பாராட்டுகிற வரி என்னுடையது இல்லை என்பது உறுத்திக்கொண்டே இருந்தது. தீபாவளிக்கு இரண்டு வாரம் இருக்கும்போது, மெரூனைத் தூக்கிவிட்டு, தங்க நிறத்தில் 'ஒளியை உடுத்துங்கள்' என்று போட்டேன். அடுத்தடுத்து மூன்று பதிவுகள்.

மூன்றாவது பதிவுக்குக் கீழே "அக்கா எங்க?" என்று ஒருவர் கேட்டார். "கடைய வேற ஆளுக்குக் குடுத்துட்டாங்களா?" என்று அடுத்தவர். "உடம்பு சரியில்லன்னு கேள்விப்பட்டேன்" என்று மூன்றாமவர். யாரிடம் கேள்விப்பட்டாரோ தெரியாது. மதியத்துக்குள் உடையார்பாளையத்திலிருந்து போன் வந்தது. மகள் கல்யாணத்துக்குப் பதினோரு ஜாக்கெட் துணி கொடுத்திருந்த அம்மா. அக்காதான் எடுத்தாள், ஸ்பீக்கரில்.

"அக்கா இல்லன்னு சொல்றாங்க. வேற ஆளு தைக்கிறதா இருந்தா துணியெல்லாம் திருப்பிக் குடுத்துடுங்கம்மா."

"நான்தாம்மா பேசுறேன். எங்கயும் போகல" என்றாள் அக்கா. அந்த அம்மா நம்பவில்லை. நேரில் வந்து பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்று வைத்துவிட்டார்.

அக்கா ஹூக் டப்பாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஒரு வருஷ வேலையை என் கையாலேயே கெடுத்துக்கொண்டேன். போட்டுவிட்ட பதிவில் ஒரு படத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைக்க முடியாது. மூன்றையும் அழித்தால், அக்காவுக்கு நிஜமாகவே ஏதோ ஆகிவிட்டது என்று ஊர் உறுதி செய்துகொள்ளும். விளக்கம் எழுதலாம் என்றால், இந்தப் பக்கத்தில் என் வார்த்தையை யார் நம்பப் போகிறார்கள்?

ஹூக் கட்ட ஆரம்பித்தேன். இரண்டாவது ஹூக்கில் என் போன் அதிர்ந்தது. கடைசிப் பதிவுக்குக் கீழே ஒரு புது கமெண்ட். அந்தப் படமில்லாத போலிக் கணக்கு.

"நான் இங்கதான் இருக்கேன். அளவு ஜாக்கெட் எடுத்துட்டு வாங்க. மத்தத நான் பாத்துக்குறேன்."

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா மெஷினுக்குப் பின்னால், கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு, தன் போனை ஆள்காட்டி விரல் ஒன்றால் குத்திக்கொண்டிருந்தாள். முதல் பதிவிலிருந்து, அந்த நான்கு பிச்சைப் பாத்திரம், இழைகளில் பூக்கும் இளமை, எல்லாவற்றுக்கும் லைக் போட்டது இந்த விரல்தான்.

"எத்தன நாளாடி அந்தக் கடைசிப் பக்கத்தக் காணோம்? நானும் தள்ளித் தள்ளிப் பாக்குறேன்" என்றாள், தலையைத் தூக்காமல்.

அன்று சாயங்காலமே மெரூன் படத்தை எடுத்து அடுத்த பதிவில் எட்டாவதாக வைத்தேன். மறுநாள் உடையார்பாளையத்து அம்மா நேரில் வந்து, அக்காவைக் கண்ணால் பார்த்த பிறகு துணியை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அந்தப் பதினோரு ஜாக்கெட்டுக்கும் ஹூக் நானே கட்டினேன். அக்கா ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.