லைக் கூடப் போடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தவள்

முனைவர் பட்டத்துக்கு என்ன ஆராய்ச்சி செய்கிறாய் என்று யார் கேட்டாலும் ஒரே வரியில் முடித்துவிடுவேன்: பேஸ்புக்கில் மற்றவர்கள் பேசுவதை வாயை மூடிக்கொண்டு படிப்பது. அண்ணன் சிரிப்பான். "நம்ம தெப்ராவ் ஊர்ல பாதிப் பேரு அதத்தான் பண்றாங்க. உனக்கு மட்டும் பட்டமா?" என்பான்.

நெட்னோகிராஃபி என்று அதற்குப் பெயர். ஓர் இணையக் குழுவில் மாதக்கணக்கில் இருந்து, அங்கே மனிதர்கள் எப்படிப் பேசுகிறார்கள், எதைக் கேட்கிறார்கள், எதைக் கேட்கத் தயங்குகிறார்கள் என்று கவனித்து, தினமும் களக்குறிப்பு எழுத வேண்டும். நான் எடுத்துக்கொண்டது மலேசியாவில் டயாலிசிஸ் நோயாளிகளின் குடும்பத்தார் நடத்திய ஒரு மூடிய தமிழ்க் குழு. நிர்வாகியிடம் அனுமதி வாங்கி, நான் யார், எதற்கு வந்திருக்கிறேன் என்று குழுவின் தலையிலேயே ஓர் அறிவிப்பு ஒட்டினேன். விருப்பமில்லாதவர்கள் சொன்னால் அவர்கள் எழுதியதைத் தொடமாட்டேன். யாருடைய வரியையும் அப்படியே எடுத்துப் போடமாட்டேன். பெயரை மட்டும் மாற்றினால் போதாது, வரியைத் தேடினாலே ஆளைப் பிடித்துவிடலாம், அதனால் சொற்களையும் மாற்றித்தான் எழுதுவேன். கருத்துச் சொல்லமாட்டேன், லைக் கூடப் போடமாட்டேன். பல்கலைக்கழக நெறிமுறைக் குழு எனக்குக் கொடுத்த அனுமதியும் அவ்வளவுதான்: கவனிக்கலாம், கலந்துகொள்ளக் கூடாது.

வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு கஷ்டம் என்று அதுவரை எனக்குத் தெரியாது. குழுவில் பெக்கான் நானாஸ் ஊர்க்காரரான ஓர் அக்கா இருந்தார். கணவருக்கு டயாலிசிஸ். செவ்வாய், வியாழன், சனி அவரை மெஷினில் போட்டுவிட்டு, வெளியே நாற்காலியில் உட்கார்ந்து குழுவில் எழுதுவார். கால் வீக்கம், உப்பில்லாத குழம்பு, மாமியார் பேச்சு எல்லாம் வரும். ஒருநாள், "அழுகை வருது, இங்க யாராச்சும் இருக்கீங்களா?" என்று எழுதினார். நான் இருந்தேன். படித்தேன், குறிப்பு எழுதினேன், மூடிவிட்டேன்.

பிறகு அண்ணன் விழுந்தான். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவன் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனான். இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்றார்கள். கழுத்தில் குழாய் போட்டு அவசரத்துக்கு ரத்தம் சுத்தம் செய்தார்கள். அப்பா அம்மா இல்லை. எனக்கு அவன், அவனுக்கு நான்.

வார்டு நர்ஸ், மிஸ்ஸி என்போம், மெதுவாகத்தான் சொன்னார். "இங்க ரொம்ப நாள் போட முடியாதும்மா. வெளிய ஒரு சென்டர்ல இடம் பாருங்க. ஆனா ஒண்ணு, அண்ணனுக்கு ஹெபடைடிஸ் சி இருக்கு. மத்தவங்களுக்குத் தொத்தாம இருக்க அவருக்குத் தனி மெஷின் வேணும். எல்லா சென்டர்லயும் இருக்காது."

எனக்குத் தெரியும். அந்தத் தனி மெஷினுக்கு ஆட்கள் அலைவதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதி வைத்திருந்தேன். நல்ல அத்தியாயம் என்று பாராட்டும் வாங்கியிருந்தேன்.

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து போன் போட்டேன். ஜொகூர் பாருவில் இல்லை. ஸ்கூடாயில் இல்லை. கூலாயில் மெஷின் உண்டு, இடம் இல்லை. யோங் பெங்கில் பேரை எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். ஒரு சென்டரில் நான் கத்திவிட்டேன். அந்தப் பெண் பொறுமையாக, "ஒருத்தர் போனாத்தான் ஒருத்தர் வர முடியும் லா, சாரி" என்றாள்.

என் மடிக்கணினியில் எல்லாம் இருந்தது. எந்த சென்டரில் எத்தனை 'சி' மெஷின், எந்த நர்ஸிடம் பேசினால் வேலை நடக்கும், யார் எப்போது இடம் மாறினார்கள் என்று குழுவின் பேச்சை வகை பிரித்து அடுக்கி வைத்திருந்தேன். ஒரு சொல்லைத் தட்டினால் போதும். ஆனால் அவர்கள் அதை என் ஆய்வுக்குத்தான் தந்தார்கள், என் அண்ணனுக்கு அல்ல. என் மேற்பார்வையாளரை அழைத்தேன். குரலை வைத்தே அவருக்குப் புரிந்துவிட்டது.

"அந்த ஃபைலத் திறக்காத," என்றார். "குரூப்ல நேராக் கேளு. மனுஷியாக் கேளு. நம்ம ஆய்வு முறையில கலந்துக்கிறது தப்பே இல்ல. ஆனா உன் அனுமதி வேற. கேட்ட அந்த நிமிஷத்தோட உன் தரவு சேகரிப்பு நின்னுடும். அதுக்கப்புறம் அங்க வர்றது எதையும் ஆய்வுக்கு எடுக்க முடியாது. கமிட்டிக்கு நான் எழுதிக்கிறேன்."

"இன்னும் பாதி வேலை இருக்கே, டாக்டர்?"

"இருக்கிறத வெச்சு எழுதுவோம். முதல்ல அண்ணனப் பாரு."

தட்டச்சு செய்தேன், அழித்தேன். ஆய்வு போகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளவில்லை. கூசியது. இத்தனை பேர் கதறியபோது ஒரு வார்த்தை சொல்லாதவள், இப்போது எந்த முகத்தோடு கேட்பது? கடைசியில் நான்கு வரி எழுதினேன்: நான்தான் அந்த ஆய்வு மாணவி, இது ஆய்வு இல்லை, என் அண்ணனுக்கு 'சி' மெஷின் வேண்டும், தயவுசெய்து.

முதல் பதில் ஓர் ஆணிடமிருந்து வந்தது. "நாங்க அழுதப்ப படிச்சிக்கிட்டு இருந்தீங்க. இப்ப நாங்க படிக்கிறோம்." அதில் பொய் ஒன்றும் இல்லை. அழுதேன். ஆனால் அதே ஆள்தான் அடுத்த நிமிடம் "அப்" என்று போட்டு என் பதிவை மேலே தள்ளினார். இன்னொருவர் "அப்" என்றார். ஒரு நர்ஸின் எண் வந்தது, அங்கேயும் இடமில்லை. சாயங்காலம் வரை "அப்", "அப்" என்றே வந்துகொண்டிருந்தது. உள்ளே அண்ணன் மறுபடி மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பெக்கான் நானாஸ் அக்காவிடமிருந்து தனிச்செய்தி வந்தது.

"எங்க சென்டர்ல இடம் இருக்கு. 'சி' மெஷின்தான். செவ்வா, வியாழன், சனி காலையில. மிஸ்ஸிகிட்ட சொல்லிட்டேன், லிஸ்ட்ல வேற 'சி' ஆளு இல்லயாம். உடனே போன் பண்ணுங்க."

சந்தோஷப்படத்தான் போனேன். அதற்குள் அந்த நாட்களைப் படித்துவிட்டேன். அந்த சென்டரில் 'சி' மெஷின் ஒன்றுதான், அது தன் கணவருக்கு என்று அவரே எப்போதோ எழுதியிருந்தார். கடந்த சில நாட்களாக அவர் குழுவில் ஒன்றும் எழுதவில்லை, அதையும் கவனித்திருந்தேன். கவனிப்பதுதானே என் வேலை.

"அக்கா, அண்ணே எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"வியாழக்கிழமை போயிட்டாரு. குரூப்ல இன்னும் சொல்லல. நீங்க எழுதிக்காதீங்க."

"எழுதமாட்டேன், அக்கா," என்றேன். ஆய்வில் அது இல்லை. இந்தக் கதையில் எழுதியிருப்பதை அவரே படித்துப் பார்த்து, சரி என்றார்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணனைக் கைத்தாங்கலாக சென்டருக்குள் கூட்டிப் போனேன். கழுத்துக் குழாயை மெஷினோடு இணைத்து, அவன் ரத்தம் வெளியே போய்த் திரும்பி வர ஆரம்பித்ததும் வெளியே வந்தேன். வரிசையாக நாற்காலிகள். கடைசி நாற்காலியில் வெள்ளைச் சேலையில் ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தார். படம் கூடப் பார்த்ததில்லை, ஆனாலும் அக்காதான் என்று தெரிந்துவிட்டது.

"காரியம் முடியுற வரைக்கும் வெளிய போகக்கூடாதுன்னு வீட்டுல திட்டுறாங்க," என்றார். "காலையில எழுந்ததும் கால் தானா இங்க வந்திருச்சு. செவ்வாக்கிழமை வேற எங்க போறதுன்னு எனக்குத் தெரியல. உங்க அண்ணன் இறங்குற வரைக்கும் இங்கயே உக்காந்துக்கவா?"

பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். போனைப் பைக்குள் போட்டுவிட்டேன்.