பிரிஜ் கடைக்கு வந்த நடிகரின் ரசிகர்கள்

என் கணவர் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையில் பிரிஜ் திருத்துகிறவர். கடைக்கு வரும் தொலைபேசிக்குப் பதில் சொல்வது என் வேலை. ஆகவே இந்தக் கதையில் அதிகம் ஏச்சு வாங்கியவள் நான்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கையடக்கத் தொலைபேசியில் சின்னச் சின்னக் காணொளிகள் எடுத்துப் போடுவார். பிரிஜ் கதவைச் சுற்றியிருக்கும் இறப்பரை எப்படித் துடைப்பது, மீன் வைக்கிற பெட்டியில் ஐஸ் ஏன் மலைபோல் கட்டுகிறது என்று பொறுமையாகச் சொல்வார். பார்க்கிறவர்கள் கொஞ்சப் பேர்தான். ஆனால் அந்தக் கொஞ்சப் பேரில் பலர் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் இருந்தார்கள், அவர்களிடம் பழுதான பிரிஜ்ஜும் இருந்தது. கடைக்கு அது போதுமாக இருந்தது.

என் மூத்த சகோதரர், எங்கள் காக்காவுக்குப் போதவில்லை. கட்டாரில் களஞ்சியம் ஒன்றில் பெட்டி அடுக்கியவர் அவர். ஊருக்குத் திரும்பிக் கொழும்பில் வார இறுதி வகுப்பொன்றுக்குப் போனார். டிஜிட்டல் மார்க்கெட்டிங் நிபுணராக வந்து இறங்கினார். கழுத்தில் தொங்கிய அட்டையை வீட்டுக்குள்ளும் கழற்றவில்லை.

"மச்சான், வீடியோ நல்லா இரிக்கி. ஆனா உங்கள ஆரு தேடுவான்?" என்றார் என் கணவரிடம். "சனம் எதத் தேடுதோ அந்தப் பேரப் போடணும். கம்பெனிப் பேரப் போடுங்க. அந்தக் கம்பெனி விளம்பரத்தில வாற நடிகர்ர பேரையும் போடுங்க. ரீச் எப்படி வருதெண்டு பாருங்க."

"அது நம்மட கம்பெனி இல்லயே காக்கா," என்றேன்.

"டேக் தானே புள்ள! போர்டா மாட்டப் போறம்?"

என் கணவர் தயங்கினார். ஆனால் மச்சானை எதிர்த்துக் கதைப்பதைவிட மூடிய கொம்பிரசரைக் கையால் பிளப்பது அவருக்கு இலகு. கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டார். காக்கா எங்கள் காணொளிகள் எல்லாவற்றுக்கும் கீழே, நாடறிந்த ஒரு பிரிஜ் கம்பெனியின் பெயரையும் நடிகரின் பெயரையும் ஹேஷ்டேக்காக வரிசையாகத் தட்டினார். கம்பெனிப் பெயரோடு 'சேர்விஸ்' என்ற சொல்லையும் ஒட்டினார். அந்தச் சொல்தான் பிறகு எங்கள் வாசலுக்கு வந்தது.

முதலில் வந்தவர்கள் ரசிகர்கள். அந்த நடிகரின் புதுப்படப் பாட்டு வெளியான நேரம் அது. அவர் பெயரைத் தேடியவர்களின் திரையில், சாரத்தை மடித்துக் கட்டிய என் கணவர் வந்து நின்று, "இந்த இறப்பர்ல ஊத்த பிடிச்சா குளிர் வெளியால போகும்" என்றார். பார்வைகள் ஏறின. காக்கா தொலைபேசியைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகக் காட்டினார். கீழே வந்த பின்னூட்டங்களை மட்டும் விரலால் மறைத்துக்கொண்டார். எங்கள் தலைவன் பேரை வைத்துப் பிழைக்கிறாயா என்பதுதான் அதில் மிகவும் மரியாதையானது. மற்றவற்றில் என் மாமியாரும் மாமியாரின் உம்மாவும் இழுக்கப்பட்டிருந்தார்கள்.

ஏசியவர்கள்கூட முழுதாகப் பார்த்துவிட்டு ஏசவில்லை. வந்ததும் ஓடிவிட்டார்கள். வந்தவர்கள் எல்லாம் இப்படி ஓடினால், இது பார்க்கத் தகாத காணொளி என்றுதான் அந்தத் தளம் கணக்குப் போடும் போலும். அடுத்து ஏற்றிய காணொளி எங்கள் பழைய ஆட்களுக்கே போய்ச் சேரவில்லை. பக்கத்துத் தையல் கடைக்காரர், "என்ன, இப்ப வீடியோ போடுறல்லயா?" என்று கேட்டார். போட்டுக்கொண்டுதான் இருந்தோம்.

"இது தொடக்கம். அல்கோரிதம் படிக்கிது," என்றார் காக்கா. படித்துத்தான் விட்டது.

பிறகு வந்தவர்களிடம் உண்மையிலேயே பிரிஜ் இருந்தது, அந்தக் கம்பெனியின் பிரிஜ். தொலைபேசியை எடுத்தால், "உங்கட கம்பெனிக்கு வெக்கம் இல்லயா?" என்று ஆரம்பிப்பார்கள். நாங்கள் கம்பெனி இல்லை என்று சொன்னால், பொறுப்பிலிருந்து தப்பப் பார்க்கிறேன் என்று இன்னும் சத்தம் போடுவார்கள். அந்தக் கம்பெனியில் சம்பளம் வாங்காமலே அதன் முறைப்பாட்டுப் பிரிவை நடத்தினேன்.

ஒருநாள் அக்கரைப்பற்றிலிருந்து ஒரு பெண் சின்ன லொறியில் பிரிஜ்ஜை ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினார். ஐஸ் பக்கட் செய்து விற்கிறவர். கையில் வாரண்டி அட்டை.

"வாரண்டி இன்னும் முடியல்ல. சும்மா செஞ்சு தாங்க," என்றார்.

என் கணவர் அட்டையை வாங்கிப் பார்த்தார். "ராத்தா, இத நான் தொறக்கக் கூடாது. வெளியாள் தொறந்தா உங்கட வாரண்டி போயிரும். கம்பெனி ஆள்தான் பாக்கணும்."

"அப்ப நீங்க ஆரு?"

"நான் தனியாச் செய்யிற ஆள்."

அந்தப் பெண் தன் தொலைபேசியை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கம்பெனிப் பெயர், சேர்விஸ், அதற்கு மேலே என் கணவரின் சிரித்த முகம். "இது ஆருட மூஞ்சி? லொறிக்கூலி குடுத்து உங்கட மூஞ்சியப் பாக்கவா வந்த நான்?"

தெரு கூடிவிட்டது. காக்கா கடைக்குப் பின்னால் எங்கள் வீட்டுக்குள் இருந்தார். நிபுணருக்கு அந்த நேரம் பார்த்துத் தண்ணீர் விடாய்த்தது. குசினியை விட்டு வெளியே வரவேயில்லை. என் கணவர் கடையைப் பூட்டிவிட்டு அதே லொறியில் ஏறி, அந்தக் கம்பெனிப் பொருள் விற்கும் கடைக்கு அவரைக் கூட்டிப்போனார். முறைப்பாட்டைப் பதிய வைத்துவிட்டுத்தான் வந்தார். வந்தவர் சோறுகூடக் கேட்காமல் படுத்துவிட்டார்.

அந்த முறைப்பாட்டால்தானோ என்னவோ, கொஞ்ச நாளில் கம்பெனிக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர்கள் தளத்துக்கு முறையிட, காணொளிகள் நீக்கப்பட்டன. இறப்பர், ஐஸ், மீன் வாடை, ஒன்றும் மிஞ்சவில்லை. இப்படியே போனால் சேனலே மூடப்படும் என்று எச்சரிக்கை வந்தது. கூடவே கொழும்பிலிருந்து சட்டத்தரணியின் கடிதம்: பெயரை எல்லா இடத்திலிருந்தும் எடுக்க வேண்டும், இனிப் பாவிப்பதில்லை என்று எழுத்தில் தர வேண்டும்.

"வழக்குப் பேசுவம்!" என்றார் காக்கா. "டேக் பண்ணுறது நம்மட உரிமை."

எங்களுக்குத் தெரிந்த ஒரு சட்டத்தரணியிடம் மூவரும் போனோம். அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்தக் கம்பெனிப் பிரிஜ்ஜும் திருத்துறன், ஆனா நான் அவங்கட ஆள் இல்ல எண்டு உள்ளதச் சொன்னா அது வேற கதை. நீங்க போட்டத்தப் பாத்து ஒரு பொம்புள லொறி பிடிச்சு வந்திரிக்கா. உங்கள அவங்கட ஆள் எண்டு நம்பித்தானே வந்த? பதிவு செஞ்ச பேர இப்படிப் பாவிச்சா நட்டஈடும் கேக்கலாம். நடிகர்ர பேர் இன்னொரு தலையிடி. அவரு காசு வாங்கிக் குடுக்கிற பேர நீங்க சும்மா எடுத்திருக்கீங்க. பேசாம எழுதிக் குடுங்க."

காக்கா அப்போதும் விடவில்லை. "அப்ப மற்றக் கம்பெனிட பேரப் போட்டா?"

சட்டத்தரணி கண்ணாடியைத் திரும்பப் போட்டு, இந்த மனிதரை நன்றாக ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

எழுதிக் கொடுத்தோம். சேனல் பக்கத்தில் மிஞ்சியிருந்த டேக்குகளை நான் வாசிக்க வாசிக்க என் கணவர் அழித்தார். உள்ளே போகப் போகத்தான் காக்காவின் தொலைநோக்கு விளங்கியது. ஒரு கிரிக்கெட் வீரர் இருந்தார். கல்யாணச் சாறி இருந்தது. கனடா விசா இருந்தது.

"கனடாக்கும் பிரிஜ்ஜுக்கும் என்ன?" என்றார் என் கணவர்.

"ரெண்டும் குளிர்தானே," என்றேன். அந்த வாரத்தில் முதல்முறையாக அவர் சிரித்தார்.

காணொளிகளை அவர் மறுபடி எடுத்தார். இப்போது தலைப்பு 'கல்முனையில் பிரிஜ் திருத்துதல்'. டேக்கும் அதேதான். பழைய ஆட்கள் மெதுவாகத் திரும்பி வருகிறார்கள். காக்கா புரியாணிக் கடை ஒன்றுக்கு ஆலோசகராகிவிட்டார். எந்தக் கடை என்று சொல்லமாட்டேன். அதன் தொலைபேசிக்குப் பதில் சொல்கிறவரை நினைத்துத் துஆச் செய்கிறேன்.

போன வாரம் இந்தியாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அந்த நடிகரின் ரசிகராம். அன்று மற்றவர்களோடு சேர்ந்து தானும் திட்டியதாகவும், திட்டிவிட்டு எதற்கும் பார்ப்போம் என்று தன் வீட்டு பிரிட்ஜைத் திறந்து பார்த்ததாகவும் எழுதியிருந்தார். "அண்ணே, நீங்க சொன்ன மாதிரியே ரப்பர்ல அழுக்கு. தொடச்சேன், இப்ப நல்லா கூலாவுது. கல்முனை எந்த ஜில்லாண்ணே?"

என் கணவர் தேத்தண்ணியை ஓரமாக வைத்துவிட்டு, அவருக்கு நீளமாகப் பதில் எழுத உட்கார்ந்தார்.