முந்திப் போட்ட கவுன் வீடியோ

அந்த வீட்டில் அவளுக்கு வைத்த பெயர் முந்திரிக்கொட்டை. வைத்தவள் அண்ணி. பட்டப்பெயர் வைப்பதில் அண்ணிக்குக் கஞ்சத்தனமே கிடையாது. நல்ல வார்த்தை ஒன்று சொல்வதற்குத்தான் வாய் வராது. "அந்த முந்திரிக்கொட்டையைச் சாப்பிட வரச் சொல்லுங்க" என்று புருஷனிடம் சொல்வாள், நாத்தனார் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கும்போதே.

கட்டிக்கொடுத்த இடம் சரிப்படாமல் அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்தவள் அவள். அதற்கு முன்பு ஒரு பார்சல் அலுவலகத்தில், விசாரித்து வரும் போனையெல்லாம் எடுத்துப் பதில் சொல்லும் வேலை. ஜனங்கள் எதையும் அதன் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை, தங்களுக்கு வேண்டியதைச் சொல்லித்தான் கேட்பார்கள் என்பதை அங்கே காது வலிக்க வலிக்கக் கற்றுக்கொண்டாள். அண்ணன் வீட்டு முன்னறையில் அண்ணி தையல் கடை வைத்திருந்தாள். அண்ணன் தன் பெயரில் ஒரு வீடியோ சேனல் ஆரம்பித்து, நாலைந்து வீடியோவோடு கைகழுவியிருந்தான். அதைத் தூசி தட்டி எடுத்தவள் இவள்தான். கை அண்ணியுடையது, குரல் இவளுடையது. அண்ணி துணியை வெட்ட வெட்ட, எந்த இடத்தில் மடிக்க வேண்டும், எங்கே விரல் அளவு விட வேண்டும் என்று இவள் நிதானமாகச் சொல்லுவாள். பிறகு பேசியதை எழுத்தாக அடித்துச் சேர்ப்பாள். கீழே விவரம் எழுதுவாள். "அசத்தல் டிசைன்" என்று அண்ணி சொல்லும் தலைப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, "நாலு வயசுப் பொண்ணுக்கு கவுன் வெட்டுவது எப்படி" என்று வைப்பாள். பார்த்தவர்கள் பாராட்டியதெல்லாம் அண்ணியின் கைக்குப் போனது. இவளுக்கு அதில் வருத்தம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

அந்த வருஷம் பண்டிகைக்கு வெகு நாள் முன்பே, பண்டிகைக் கவுன் ஒன்று தைத்துப் படம் பிடிக்க வேண்டும் என்று கேட்டாள். பிடித்தது சனி.

"பண்டிகைக்கு இன்னும் எவ்ளோ நாள் கெடக்கு! இப்பவே தைன்னு உங்க தங்கச்சி உசிர வாங்குறா" என்றாள் அண்ணி, வழக்கம்போல் அண்ணனைப் பார்த்து.

இவளும் அண்ணனிடமே பதில் சொன்னாள். "தைக்கிறவங்க பண்டிகையன்னிக்கா தேடுவாங்க? துணி எடுக்கணும், வெட்டணும், தைக்கணும். அவங்கல்லாம் தேடி முடிச்சப்புறம் நாம போட்டு என்ன பிரயோசனம்? இப்பவே போட்டா தலைப்பு, விவரம், நான் அடிச்ச வார்த்தை எல்லாம் தேடுற எடத்துல பதிஞ்சு நிக்கும். வர்ற கொஞ்சம் பேரு முழுசா பாத்தாங்கன்னா, இந்தத் தேடலுக்கு இது சரியான வீடியோன்னு அந்தத் தேடுற எடத்துக்கும் புரியும். கூட்டம் வர்றப்ப நம்மளுது கண்ணுல படும். மொதல்ல ஈ ஓட்டும்ணா. பொறுத்துக்கணும்."

அண்ணன் இரண்டு பக்கமும் அடி வாங்கும் மத்தளம். "இந்த ஒரு தடவை பாக்கலாம். சரியா வரலேன்னா சேனலை மச்சான்கிட்ட விட்டுருவேன். அப்புறம் நீ அதுல கை வைக்கக் கூடாது" என்றான். மச்சான் என்றால் அண்ணியின் தம்பி. செல்போன் கடை வைத்திருந்தான். போனுக்கு உறை மாட்டத் தெரிந்தால் போனுக்குள்ளே நடப்பதும் தெரியும் என்று நம்புகிற ஜாதி. அந்த வீட்டில் தன்னுடையது என்று அவளுக்கு இருந்தது அந்தச் சேனல் ஒன்றுதான். அதுவும் போனால் அவள் சும்மா சோறு தின்கிறவள். அண்ணி அதைச் சொல்லாமலா விடுவாள்?

வீடியோ போனது. சொன்னபடியே ஈ ஓட்டியது. "உங்க தங்கச்சி வீடியோவ அவளே நாலு தடவை பாத்தாத்தான் உண்டு" என்று அண்ணி வாடிக்கையாளர் முன்பே சிரித்தாள். தம்பிக்காரன் வந்து, காபி குடித்து, "பழசை எவன் பாப்பான்? பண்டிகைக்கு மொத நாள் சுடச்சுடப் போட்டா பிச்சுக்கும்" என்று ஓதிவிட்டுப் போனான்.

ஆனால் இவள் எத்தனை பேர், எந்த வழியாக வந்து பார்த்தார்கள் என்று சேனல் காட்டும் கணக்கைத் தினமும் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தவர்கள் சேனலுக்குப் பழகியவர்கள். பிறகு மெல்ல, தேடி வருகிறவர்களைக் காட்டும் கோடு தலை தூக்கியது. இவள் தலைப்பில் வைத்த அதே வார்த்தைகளை யார் யாரோ அடித்து வந்தார்கள். ஒருத்தி, "கழுத்து வரைக்கும் வெட்டிட்டேன், கை நாளைக்கு" என்று எழுதியிருந்தாள். அன்றே அதை அண்ணனிடம் காட்டியிருக்கலாம். காட்டவில்லை. கோடு நன்றாக ஏறட்டும், மொத்தமாகக் காட்டி அண்ணி முகத்தில் கரி பூசலாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பொல்லாத ஆசைதான், ஆனால் அந்த வீட்டில் இருந்து பார்த்தால் தெரியும்.

ஒரு நாள் காலையில் திறந்தால் வீடியோவைக் காணோம். சேனலுக்குள்ளேயே போக முடியவில்லை.

"அண்ணா, வீடியோ எங்க?"

அண்ணன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே பேசினான். "உங்க அண்ணிதான் தொல்லை பண்ணா. அழிச்சுட்டேன். மச்சான் புதுசா போடறேன்னான். அவனுக்குக் குடுத்துட்டேன்."

"மறைச்சு வெச்சிருந்தாக்கூடத் திருப்பி எடுத்துருக்கலாமே! அழிச்சா போனது போனதுதான்."

"அதே வீடியோதானே, மறுபடி ஏத்துனா ஆச்சு."

"அதே வீடியோ இல்லண்ணா. இன்னிக்குப் பொறந்த வீடியோ. அதுக்கு லிங்க் வேற. அதை ஒருத்தரும் பாத்ததில்ல, தேடுற எடத்துக்கு அது யாருன்னே தெரியாது. இத்தனை நாள் பதிஞ்சதெல்லாம் பழசோட போச்சு."

"ஆரம்பிச்சுட்டாளா பாட்டை" என்றாள் அண்ணி உள்ளேயிருந்து.

சேனலின் முகப்பில் கடை போன் நம்பர் இருந்தது. துணி எடுக்கிற நாட்கள் வந்ததும் அந்த போன் அலறத் தொடங்கியது. கழுத்து வெட்டியவர்கள், இடுப்பு வெட்டியவர்கள், லிங்க்கைச் சேர்த்து வைத்துக்கொண்டு துணி வாங்கி வந்தவர்கள். எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: வீடியோ எங்கே? அண்ணி அலறி அடித்துக்கொண்டு தம்பியைக் கூப்பிட, அவன் அன்றே அந்தப் பழைய படத்தை மறுபடி ஏற்றினான். இவள் குரலை எடுத்துவிட்டுப் பாட்டு போட்டிருந்தான். தலைப்பு "செம்ம மாஸ் கவுன்". கீழே விவரத்தில் இரண்டு பூப்படம். தேடிப் பார்த்தால் மற்றவர்களின் கவுன்களாக வந்துகொண்டே இருந்தன; அண்ணியின் கவுன் தலையே காட்டவில்லை. கண்டுபிடித்துப் பார்த்த ஒன்றிரண்டு பேரும் ஒன்றும் புரியாமல் மறுபடி கடைக்கே போன் போட்டார்கள்.

இவளுக்கு இப்போது பொத்தான் தைக்கும் வேலை. முன்னறை மூலையில் கவுன்களைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அண்ணி கத்தரிக்கோலை விட முடியாமல் போனை மேசையில் வைத்துச் சத்தமாகப் போட்டிருந்தாள். அண்ணிக்கு வெட்டத் தெரியும், சொல்லத் தெரியாது.

"இப்படி மடிச்சு, அப்படி வளைச்சு வெட்டுங்கம்மா!"

"எப்படிங்க வளைக்கிறது? புரியலக்கா" என்றது போன். அழுகிற குரல். "நல்ல துணிக்கா. பாதி வெட்டிட்டேன். பழைய வீடியோல ஒருத்தங்க பேசுவாங்களே, அவங்க சொன்னா எனக்குப் புரியும். இருக்காங்களா? கொஞ்சம் குடுங்களேன்."

இவள் ஊசியைக் குத்தி வைத்துவிட்டு எழுந்தாள். கை போனுக்கு நீண்டது.

அண்ணி போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அத்தனை மாதத்தில் முதல் தடவையாக இவள் முகத்தை நேருக்கு நேர் பார்த்தாள்.

"அப்படி யாரும் இங்க இல்லம்மா" என்றாள்.