மஞ்சள் புள்ளிகளும் ஆறாத ஒரு புண்ணும்

அம்மாவின் முகத்தில் அந்தப் புள்ளிகள் எப்போது வந்தன என்று எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நெற்றியிலும் கன்னங்களிலுமாக ஏழெட்டு இருக்கும். கடுகைவிடக் கொஞ்சம் பெரிது, வெளிர் மஞ்சள், நடுவில் ஊசியால் குத்தினாற்போல் ஒரு குழி. தொம்மலூரில் ஓர் ஆபீஸில் ஹவுஸ்கீப்பிங் வேலை அவளுக்கு. நாள் முழுக்கக் கண்ணாடி துடைப்பவள், வீட்டுக் கண்ணாடி முன்னால் பொட்டு வைக்கும் நேரத்துக்கு மேல் நிற்கமாட்டாள்.

நெற்றியில் ஒன்று மட்டும் புண்ணானபோதுதான் எனக்குப் பயம் வந்தது. பொருக்குத் தட்டும், முகம் துடைத்தால் விழும், இரத்தம் கசியும், மறுபடி பொருக்கு. ஒரு மாதமாகியும் ஆறவில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்; அப்போது கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டமளிப்புக்குக் காத்திருந்தேன். எதையும் படித்துச் சொல்வது என் பொறுப்பு. போனில் தேடினேன். முகத்தில் ஆறாத புண், அடிக்கடி இரத்தம் என்றால் தோல் புற்றுநோயின் தொடக்கமாக இருக்கலாம் என்று இருந்தது. அதற்கப்புறம் நான் பார்த்த படமெல்லாம் அம்மாவின் நெற்றியாகவே தெரிந்தது.

அவளிடம் அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. "சும்மா காட்டிட்டு வரலாம்மா" என்று மட்டும் சொன்னேன்.

"லீவு போட்டா சூப்பர்வைசர் மூஞ்சிய தூக்கிக்குவான்டா."

"தூக்கிக்கட்டும்."

அரசு மருத்துவமனையில் தோல் பிரிவு டாக்டர் கன்னடக்காரர். எங்களைப் போன்ற தமிழ் ஆட்களைப் பார்த்துப் பார்த்தே தமிழ் வந்துவிட்டது என்றார். நான் ஒரு தாளில் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு போயிருந்தேன். அம்மா வாயைத் திறப்பதற்குள் அதை நீட்டி, நானே விளக்கவும் தொடங்கினேன். டாக்டர் படித்துவிட்டு, கையடக்கமான ஒரு லென்ஸை அம்மாவின் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு என்னையும் பார்க்கச் சொன்னார்.

குழியைச் சுற்றி மஞ்சள் வெள்ளையாகச் சின்னச் சின்ன உருண்டைகள், பொரிந்த சோளம் மாதிரி. ஓரத்தில் மெல்லிய இரத்தக் குழாய்கள்.

"குழாயெல்லாம் சுத்தி நிக்குது, நடுவுல குறுக்க ஓடல, பார்த்தீங்களா? இது எண்ணெய்ச் சுரப்பி பெருசானது. வயசானா வரும். கேன்சரா இருந்தா குழாய் மரக்கிளை மாதிரி மேலயே படர்ந்திருக்கும்."

அந்த வார்த்தை கேட்டதும் அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நெற்றிப் புண்ணில் லென்ஸை வைத்ததும் டாக்டர் நிதானமானார். "இதுல ஒண்ணும் தெரியல. எல்லாம் வெந்திருக்கு." என் தாளை மடித்து மேசையில் வைத்தார். "தம்பி, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. ஏம்மா, இதுல என்ன வச்சீங்க?"

அம்மா முந்தானையை விரலில் சுற்றினாள். "அது... சுண்ணாம்பு."

"எவ்வளவு நாளா?"

"பொருக்கு விழும்போதெல்லாம். சுண்ணாம்பும் துணிசோப்பும் கொழச்சு வச்சா மரு உதுந்துடும்னு பக்கத்து வீட்டக்கா சொன்னாங்க. ஒண்ணுல வச்சுப் பாத்துட்டு மத்ததுக்கும் வைக்கலாம்னு."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ எங்கடா கேட்ட? நீயாதான் எழுதுன, நீயாதான் பேசுன." குரல் தாழ்ந்தது. "நீ பட்டம் வாங்குறப்போ பக்கத்துல நிக்கணுமேன்னு பாத்தேன்."

டாக்டர் சிரிக்கவில்லை. மற்றவை பற்றிக் கவலையே வேண்டாம், எடுக்கவும் வேண்டாம் என்றார். இந்த ஒன்றை மட்டும் ஊகித்துச் சொல்லமாட்டேன், துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்புவோம் என்றார். மரத்துப்போக ஊசி போட்டபோது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வெளியே வந்ததும் கேட்டாள்: "அந்த நோவுன்னு நெனச்சுதான் கூட்டிட்டு வந்தியா?"

தலையாட்டினேன்.

"சொல்லியிருந்தா நானும் சொல்லியிருப்பேன்."

அடுத்த வாரம் ரிப்போர்ட் வந்தது. அதுவும் சுரப்பிதான், மேல்தோல் வெந்து புண்ணாகியிருக்கிறது, புற்றுநோய் இல்லை. டாக்டர் சொன்னதை நான் இரண்டு முறை கேட்டு வாங்கிக்கொண்டேன். அம்மா ஒரே முறை கேட்டுவிட்டு, "அப்போ டீ குடிச்சிட்டுப் போலாம்" என்றாள். கேன்டீன் பெஞ்சில் உட்கார்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் பார்க்காததுபோல் பன்னைப் பிட்டுக்கொண்டிருந்தாள்.

சுண்ணாம்பு நின்றதும் புண் ஆறிவிட்டது. பட்டமளிப்பு விழாவில் கறுப்பு அங்கியோடு நான், பட்டுப்புடவையில் அம்மா. போட்டோக்காரர் கம்ப்யூட்டரில் முகத்தைப் பெரிதாக்கி, "இந்தப் புள்ளியெல்லாம் எடுத்துடட்டுமாம்மா?" என்று கேட்டார்.

"டாக்டரே எடுக்க வேணாம்னுட்டாங்க, நீ எதுக்குப்பா எடுக்குற?" என்றாள் அம்மா.