தாமதமாக வந்ததா, வரவே இல்லையா

அறுபதுகளின் கடைசியில் நான் சென்னையில் பார்மசி படித்துக்கொண்டிருந்தேன். விடுமுறையில் ஏதாவது ஒரு மருந்துத் தொழிற்சாலையில் பயிற்சி எடுத்துச் சான்றிதழ் கொண்டுபோனால்தான் இறுதித் தேர்வு எழுத விடுவார்கள். எங்கள் வீடு தென்காசியில். பக்கத்தில் மேலகரத்தில் சிறிய மாத்திரைக் கம்பெனி ஒன்று இருந்தது. பொம்பளைப் பிள்ளைக்கு அங்கே என்ன வேலை என்று முதலாளி யோசித்தார். அப்பாவுக்குத் தெரிந்தவர் என்பதால் கடைசியில் சேர்த்துக்கொண்டார். ஊரே அவரை அண்ணாச்சி என்றது. நானும் அப்படித்தான் கூப்பிட்டேன்.

அங்கே முக்கியமான சரக்கு, கிருமித் தொற்றுக்குக் கொடுக்கிற சல்ஃபா மாத்திரை. லாரியில் போகும்போது உடைந்து தூளாகிறது என்று வியாபாரிகள் குறை சொன்னதால், பசையைக் கூட்டி, இறுக்கி அடிக்கச் சொல்லியிருந்தார் அண்ணாச்சி. மாத்திரை கூழாங்கல் மாதிரி ஆனது. பிறகு ஒரு மாத்திரைகூட உடையவில்லை.

நான் சேர்ந்த சில நாட்களில் தென்காசி ஆஸ்பத்திரி டாக்டர் சொல்லி அனுப்பினார். புதுச் சரக்கு வந்ததிலிருந்து சிறுநீர்த் தொற்று நோயாளிகளுக்குக் குணமாகவில்லை. மாத்திரை போட்ட இரண்டாம் மணி நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்தால் மருந்து மிகக் குறைவாகத்தான் இருக்கிறது.

கம்பெனியின் கெமிஸ்ட் கடையத்துக்காரர். நேர்த்தியான வேலைக்காரர், பிடிவாதக்காரர். மாத்திரையை இடித்து அளந்து காட்டினார். மருந்து ஒரு துளிகூடக் குறையவில்லை. மாத்திரை மெதுவாகக் கரைகிறது, அதனால் ரத்தத்தில் மருந்து ஏறும் உச்சம் தாழ்ந்திருக்கிறது, அதற்கு ஈடாக மருந்து நெடுநேரம் ரத்தத்தில் நிற்கும், மொத்தத்தில் கணக்கு சரியாகிவிடும் என்றார். அண்ணாச்சிக்கு அது போதுமாயிருந்தது.

எனக்குப் போதவில்லை. அவர் சொன்னது நடக்கக்கூடியதுதான். ஆனால் ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தை வைத்து டாக்டர் சொன்னதையும் நம்ப முடியாது, கெமிஸ்ட் சொன்னதையும் நம்ப முடியாது. ஒரு தடவை மாத்திரை போட்டு, மருந்து ஏறி இறங்கும் வரை அடிக்கடி ரத்தம் எடுத்து, ரத்தத்தில் மருந்தின் அடர்த்தி நேரம் போகப் போக எப்படி மாறுகிறது என்று கோடாக வரைய வேண்டும். அந்தக் கோட்டுக்குக் கீழே உள்ள மொத்தப் பரப்புதான் உடம்பு அந்த மருந்தை எவ்வளவு சந்தித்தது என்பதைச் சொல்லும். எங்கள் விரிவுரையாளர் ஒருவர் பாடத்திட்டத்துக்கு வெளியே அதைச் சொல்லித் தந்திருந்தார். உடம்பு ஒவ்வொரு நிமிடமும் வெளியேற்றுகிற மருந்து, அந்த நிமிடம் ரத்தத்தில் இருக்கும் அடர்த்தியைப் பொறுத்தது. எல்லா நிமிடங்களையும் கூட்டினால் வருவது பரப்பு. உள்ளே போனதெல்லாம் ஒருநாள் வெளியேறித்தான் ஆக வேண்டும் என்பதால், பரப்பு பாதியானால் ரத்தத்துக்கு வந்துசேர்ந்த மருந்தும் பாதிதான். வெறும் தாமதம் என்றால் உச்சம் தாழும், கோட்டின் வால் நீளும், பரப்பு மாறாது.

இதைச் சொன்னதும் கெமிஸ்ட் என்னை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப எடுத்துப் பாத்துருவோம். என் ரத்தத்தையே எடுங்க. எனக்கு மாத்திரை மேல நம்பிக்கை இருக்கு” என்றார். நானும் கையை நீட்டினேன்.

வீட்டில் அம்மா கத்தினாள். “ஏட்டி, கல்யாணம் ஆக வேண்டியவ கைய ஊசியால துளைச்சிட்டு வருதியே, கேக்குதவங்களுக்கு நான் என்ன சொல்லுவேன்?” மருந்துக்குப் படிக்கிறாள் என்று சொல் என்றேன்.

முதல் தடவை, மாத்திரையில் உள்ள அதே அளவு மருந்தைத் தூளாகத் தண்ணீரில் கலக்கிக் குடித்தோம். மருந்து உடம்பை விட்டு முழுவதும் நீங்க ஒரு வாரம் இடைவெளி விட்டு, அடுத்த தடவை மாத்திரை. அவரவர் இரண்டு கோடுகளை ஒப்பிடும்போது ஆள் ஒருவரே என்பதால், உடம்பு மருந்தைக் கழிக்கும் வேகமும் ஒன்றுதான் என்று வைத்துக்கொண்டோம். சல்ஃபா சிறுநீரகத்தில் படிகமாகிவிடக்கூடாது என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தோம். ஆஸ்பத்திரி நர்ஸ் ரத்தம் எடுத்தாள். வெளியே குற்றாலத்துச் சாரல் ஜன்னல் கம்பியில் வழிந்துகொண்டிருந்தது. ரத்தத்திலிருந்து புரதத்தை நீக்கிய தெளிந்த நீரில் சோதனை ரசாயனங்களைச் சேர்த்ததும் ரோஜா நிறம் வரும். நிறம் அடர்ந்தால் சல்ஃபா அதிகம். அதை நிறமானியில் வைத்து அளந்தோம்.

தூளின் கோடு சட்டென்று ஏறி இறங்கியது. மாத்திரையின் கோடு சோம்பலாக எழும்பி, தாழ்வாகவே நின்று, மெல்லச் சரிந்தது. கெமிஸ்ட் சொன்ன மாதிரி வால் நீளமாகத்தான் இருந்தது. அவர் முகத்தில் வெற்றி தெரிந்தது.

நான் கோட்டைத் துண்டு துண்டாகப் பிரித்தேன். அடுத்தடுத்த இரண்டு அளவுகளைக் கூட்டிப் பாதியாக்கி, இடைப்பட்ட நேரத்தால் பெருக்கினால் ஒரு துண்டின் பரப்பு. எல்லாத் துண்டுகளையும் கூட்டினேன். கடைசி ரத்தத்துக்குப் பிறகும் மருந்து மிச்சம் இருக்குமே, அதை விட்டுவிட்டாயே என்று கெமிஸ்ட் மடக்கினார். நியாயமான கேள்வி. கோடு எந்த விகிதத்தில் சரிகிறது என்று கண்டுபிடித்து, கடைசி அளவை அதனால் வகுத்து, மிச்ச வாலையும் சேர்த்தேன். அப்படியும் அவருடைய ரத்தத்தில் மாத்திரையின் பரப்பு தூளின் பரப்பில் பாதியைக் கொஞ்சம்தான் தாண்டியது. என்னுடையது அதைவிடச் சற்று மேல், ஆனால் முழுமைக்கு வெகு தூரம்.

அவர் நம்பவில்லை. தானே கூட்டிப் பார்த்தார். பிறகு வரைதாளில் இரண்டு கோடுகளுக்கும் கீழே உள்ள பகுதியை ஒட்ட வெட்டி, துண்டுகளைத் தராசில் வைத்தார். எடையும் அதையேதான் சொன்னது. கரைவதற்குள் மாத்திரை குடலில் மருந்து உறிஞ்சப்படும் இடத்தைத் தாண்டிப் போயிருக்க வேண்டும் என்று நான் சொன்னபோது தலையசைத்தார்.

அண்ணாச்சியிடம் போனோம். புளியங்குடிக்குப் போக வேண்டிய பெட்டிகள் வாசலில் அடுக்கியிருந்தன. முழுவதும் கேட்டுவிட்டு, “மாத்திரையில மருந்து சரியா இருக்குன்னு இவரு அளந்து காட்டுனாருல்லா?” என்று என்னிடம் கேட்டார்.

மாத்திரையில் இருக்கிறது, ரத்தத்துக்கு வரவில்லை என்றேன்.

“ரெண்டு பேரு ரத்தத்த வச்சி என் கம்பெனிய மூடப் பாக்குதியா?”

“அப்ப மூணாவது ஆளா நீங்க முழுங்குங்க அண்ணாச்சி. நான் அளந்து சொல்லுதேன்.”

அந்த அறையில் யாரும் அவரிடம் அப்படிப் பேசியதில்லை. சான்றிதழ் வேண்டுமா வேண்டாமா என்று கேட்டார். வேண்டும், ஆனால் இந்தப் பெட்டிகளுக்கு விலையாக வேண்டாம் என்றேன்.

அண்ணாச்சி கெமிஸ்ட் பக்கம் திரும்பினார். என்னை அடக்கச் சொல்லித்தான் அந்தப் பார்வை. கெமிஸ்ட் சொன்னார்: “அண்ணாச்சி, ரெண்டுல ஒண்ணு என் ரத்தம். அத நான் எப்படி இல்லம்பேன்?”

பெட்டிகள் போகவில்லை. டாக்டருக்கும் இரண்டு கோடுகளையும் நேரில் கொண்டுபோய்க் காட்டினோம். கெமிஸ்ட் மொத்தச் சரக்கையும் இடித்து, பசையைக் குறைத்து, மாவுச்சத்து சேர்த்து, மாத்திரை தண்ணீரில் உடனே பிரிகிற மாதிரி மறுபடி அடித்தார். என்னைக் கூப்பிட்டு இன்னொரு தடவை ரத்தம் கொடுக்கலாமா என்று கேட்டார். கொடுத்தோம். இந்தத் தடவை மாத்திரையின் பரப்பும் தூளின் பரப்பும் கிட்டத்தட்ட ஒன்றாயிருந்தன. லாரியில் கொஞ்சம் உடையத்தான் செய்தது. அதற்கு டப்பாவில் பஞ்சு வைத்து அடைத்தார்கள்.

சான்றிதழ் வரவில்லை. மன்னிப்புக் கேட்டால் தருவதாக அப்பாவிடம் சொல்லியனுப்பினார் அண்ணாச்சி. அப்பா என் முகத்தைப் பார்த்துவிட்டு, அவள் கேட்க மாட்டாள் என்று அவரே பதில் சொல்லிவிட்டார். வேறொரு ஊரில் பயிற்சியை முதலிலிருந்து செய்து, என்னோடு படித்தவர்களெல்லாம் வேலைக்குப் போன பிறகு தேர்வு எழுதினேன். வாய்த்துடுக்கால் ஒரு வருஷத்தைத் தொலைத்தாள் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நான் எதையும் தொலைக்கவில்லை.