ஒப்படைப்புக் குறிப்பின் ஒன்பதாம் பக்கம்

ஓசூரில் வாகன உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையில் பன்னிரண்டு வருடம் சிஸ்டம் அட்மினாக இருந்தேன். அங்கே என்னைக் கம்ப்யூட்டர் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். சர்வர் நின்றாலும் நான்தான், கேன்டீன் டிவியில் படம் வராவிட்டாலும் நான்தான். எல்லாம் ஒழுங்காக ஓடிய நாட்களில் எனக்கு என்ன வேலை என்பது யாருக்கும் விளங்கவில்லை. இதைப் புகாராகச் சொல்லவில்லை. அந்த நாட்களில் எனக்கும் அது அவ்வளவாக விளங்கியதில்லை.

கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம், அத்திப்பள்ளியில் ஒரு வேலை கிடைத்தது. ராஜினாமாக் கடிதம் கொடுத்தேன். விடுவிக்க இரண்டு மாதம் என்றார்கள். முதல் மாதம் முழுக்க என் இடத்துக்கு ஆள் பார்க்கவே இல்லை. நான் மனசு மாறிவிடுவேன் என்று எச்.ஆர். அதிகாரி நம்பிக்கொண்டிருந்தார். இரண்டாம் மாதத்தின் முதல் திங்கட்கிழமை ஸ்டோரில் என்ட்ரி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்ணை என் அறைக்கு அனுப்பிவைத்தார்கள். பார்கோடு மெஷினை அவர் ஒருமுறை தானாகவே சரிசெய்திருக்கிறார் என்பது அவருடைய தகுதியாகச் சொல்லப்பட்டது.

தளியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிறவர். வயது முப்பதைத் தாண்டியிருக்கும். கம்ப்யூட்டரில் டிப்ளமோ முடித்து, அதற்கான வேலை கிடைக்காமல் ஏழு வருடமாக ஸ்டோரில் நட்டு போல்ட்டு எண்ணியவர். வீட்டில் கன்னடம், எங்களிடம் தமிழ், லோடு ஏற்ற வருகிறவர்களிடம் தெலுங்கு. எந்த மொழியிலும் அதிகம் பேசமாட்டார். கையில் ஸ்டோர் நோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார். நான் சொன்னதையெல்லாம் அதில் பென்சிலால் எழுதிக்கொண்டார்.

வாயால் சொல்வது போதாது, முறையான ஒப்படைப்புக் குறிப்பு வேண்டும் என்று ஜெனரல் மேனேஜர் கேட்டிருந்தார். இரண்டு வாரம் உட்கார்ந்து பதினான்கு பக்கம் எழுதினேன். பன்னிரண்டு வருடத்தில் யாரும் என்னை எதையும் எழுதச் சொன்னதில்லை. அதனால் கொஞ்சம் ருசியாகவே எழுதிவிட்டேன். எந்த சர்வர் எங்கே இருக்கிறது, எது எதற்கு என்று நான்கு பக்கம். கரண்ட் போய் வந்தால் எதை முதலில் ஆன் செய்ய வேண்டும் என்பதற்கு ஒரு பக்கம்: டேட்டாபேஸ் சர்வர் முழுதாக எழுந்த பிறகுதான் கணக்கு மென்பொருள் ஓடும் சர்வரை எழுப்ப வேண்டும், இரண்டையும் ஒன்றாக எழுப்பினால் மென்பொருள் திறக்கும், ஆனால் யாரையும் உள்ளே விடாது.

'தெரிந்த கோளாறுகள்' என்ற தலைப்பில் மட்டும் மூன்று பக்கம். செக்யூரிட்டி கேட்டில் வருகைப்பதிவு மெஷினோடு இருக்கும் பழைய கம்ப்யூட்டருக்கு உள்ளே பேட்டரி செத்துவிட்டது, கரண்ட் போனால் தேதியை மறந்து பல வருடம் பின்னால் போய்விடும், அதனால் தேதியைத் திருத்தாமல் வருகைப்பதிவை இழுக்கக் கூடாது. டெஸ்பாட்ச் லேபிள் பிரின்டருக்குப் பழைய டிரைவர் மென்பொருள் மட்டும்தான் ஒத்துவரும், புதியது போடச் சொல்லி அது கேட்கும், மறுத்துவிடவும். சர்வர் அறை ஏசியிலிருந்து தண்ணீர் சொட்டும், பக்கெட் அங்கேயே இருக்கும், கூட்டுகிறவர்கள் எடுத்துப் போகாமல் பார்த்துக்கொள்ளவும்.

ஒன்பதாம் பக்கம் பேக்கப்பைப் பற்றியது. என் பெருமையெல்லாம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்த பிறகு டேட்டாபேஸ் தன்னுடைய பிரதி ஒன்றை ஒரு ஃபைலாக எழுதிவைக்கும். நான் எழுதிய ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரல் அந்த ஃபைலுக்குத் தேதி போட்டு, வேறு கட்டடத்தில் இருக்கும் சேமிப்புப் பெட்டிக்கு நகல் எடுக்கும். எடுத்ததும் ஜெனரல் மேனேஜர் உட்பட நான்கு பேருக்குப் பச்சை எழுத்தில் 'வெற்றி' என்று மெயில் போகும். அந்த வருடம் ஒருநாள்கூடத் தவறவில்லை. அதற்காகவே ஆண்டு விழாவில் எனக்கு ஒரு கேடயமும் ஒரு ஹாட்பாக்ஸும் கொடுத்தார்கள். இதையெல்லாம் எழுதி, நம்பிக்கைக்காக, சேமிப்புப் பெட்டியில் இருக்கும் கடைசி ஏழு ஃபைல்களின் பட்டியலைப் படமெடுத்து ஒட்டியும் வைத்தேன்.

ஸ்டோரிலிருந்து வந்தவர் குறிப்பை இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள் காலை என் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்ந்து, ஒன்பதாம் பக்கத்தைத் திருப்பி என் பக்கம் வைத்தார். பென்சிலால் ஒரு வட்டம் போட்டிருந்தார்.

"சார், ஏழு நாளும் ஃபைலு ஒரே சைஸா இருக்குதுங்களே."

பார்த்தேன். கடைசி இலக்கம் வரை ஒன்றாக இருந்தது.

"ஸ்டோர்ல மட்டும் தினமும் நூறு, நூத்தம்பது என்ட்ரி போடறோம் சார். அதெல்லாம் எங்க போச்சு?"

நான் உடனே ஏதோ விளக்கம் சொன்னேன். சுருக்கி எழுதும்போது அளவு ஒன்றாக வர வாய்ப்பிருக்கிறது என்பது போல. ஏழு நாளும் அப்படி வராது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனால் மறுத்துப் பேசவில்லை. சேமிப்புப் பெட்டியிலிருந்து இதை எப்போதாவது எடுத்துத் திறந்து பார்த்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார்.

பார்த்ததில்லை. பன்னிரண்டு வருடத்தில் ஒருமுறைகூட இல்லை.

அறையின் மூலையில் கிடந்த ஒரு பழைய டெஸ்க்டாப்பில் முந்தின நாள் தேதியிட்ட ஃபைலை ரீஸ்டோர் செய்து, டேட்டாபேஸை மீட்டுப் பார்த்தோம். மதியத்துக்குள் திறந்துவிட்டது. அவர் ஸ்டோர் கையிருப்புப் பக்கத்துக்குப் போனார். திரையைப் பார்த்துக் கன்னடத்தில் தனக்குத்தானே ஏதோ சொன்னார். பிறகு என்னிடம், இந்தப் பேரிங்கை வாங்குவதை நிறுத்தி எட்டு மாதம் ஆகிறது, இதில் இன்னும் நானூறு இருப்பதாகக் காட்டுகிறது என்றார்.

எட்டு மாதம் என்றதும் எனக்கு விளங்கிவிட்டது. அப்போதுதான் டி டிரைவ் நிரம்பிவிட்டது என்று, டேட்டாபேஸ் தன் பிரதியை எழுதும் இடத்தை இ டிரைவுக்கு மாற்றினேன். ஸ்கிரிப்டில் மாற்ற மறந்துவிட்டேன். டி டிரைவில் கடைசியாகக் கிடந்த அந்த ஒரே ஃபைலை ஸ்கிரிப்ட் ஒவ்வொரு நாளும் எடுத்து, புதுத் தேதி ஒட்டி, பத்திரமாகப் பக்கத்துக் கட்டடத்துக்குக் கொண்டுபோய் வைத்திருக்கிறது. உண்மையான பிரதிகள் எல்லாம் அதே சர்வரின் வயிற்றுக்குள்ளேயே இருந்தன. சர்வர் போயிருந்தால் அவையும் சேர்ந்து போயிருக்கும். கேடயம் வாங்கி அப்போது ஐந்து மாதம்.

நான் போன பிறகு தெரிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். அதைவிட, தெரியாமலே போயிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்றும் ஒரு கணம் நினைத்தேன்.

ஸ்கிரிப்டில் ஒரு வரி மாற்றினால் போதும். மாற்றிவிட்டு ஜெனரல் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவருக்கு முதலில் நம்ப முடியவில்லை. தினமும் வெற்றி என்று மெயில் வந்ததே என்றார். நகல் எடுப்பது வெற்றிதான், எடுத்த ஃபைல்தான் தப்பு என்றேன். அவர் கவலை வேறாக இருந்தது. அடுத்த வாரம் தரச்சான்றிதழ் ஆடிட் வருகிறது. 'தெரிந்த கோளாறுகள்' என்ற தலைப்போடு இந்தக் குறிப்பை ஆடிட்டர் பார்த்தால் தொழிற்சாலையின் பெயர் என்ன ஆவது என்று கேட்டார். தலைப்பை 'மேம்பாட்டு வாய்ப்புகள்' என்று மாற்றச் சொன்னார். பேக்கப் விஷயத்தை எழுதவே வேண்டாம், சரிசெய்தாகிவிட்டதால் அது இனி கோளாறில்லை என்றார். எச்.ஆர். அதிகாரியும் தன் பங்குக்கு ஒரு படிவம் கொண்டுவந்தார். அதில் 'நிலுவையில் உள்ள சிக்கல்கள்' என்ற கட்டத்தில் 'இல்லை' என்று முன்கூட்டியே அச்சடித்திருந்தது. எனக்கு வேலை மிச்சம் என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன். வெட்கத்தோடுதான் சொல்கிறேன். கடைசி வாரத்தில் யாருக்குச் சண்டை போடத் தோன்றும்?

அந்தப் பெண் போடவில்லை. 'பெற்றுக்கொண்டவர்' என்ற இடத்தைக் காட்டி எச்.ஆர். அதிகாரி பேனாவை நீட்டினார். அவர் பேனாவை வாங்கி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"ஸ்டோர்ல பொட்டிய பிரிச்சு எண்ணாம ரிசீவ்டுனு கையெழுத்து போட்டா என்னைத்தானுங்க சார் கேப்பீங்க. இதயும் எண்ணிட்டு போடறேன்."

ஜெனரல் மேனேஜர் கூப்பிட்டுப் பேசினார். ஸ்டோருக்கே திருப்பி அனுப்பிவிடலாமா என்றும் கேட்டார். அனுப்பலாம் சார், அங்கே என் இடத்தில் இன்னும் ஆள் போடவில்லை என்று அவர் அமைதியாகச் சொன்னாராம். ஆனால் இங்கேயும் வேறு ஆள் இல்லை. அதனால் அந்தப் பேச்சு அதோடு நின்றது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலைக்கு விடுமுறை. நானும் அவரும் மட்டும் போனோம். சரியான ஃபைலைச் சேமிப்புப் பெட்டியிலிருந்து எடுத்து அதே டெஸ்க்டாப்பில் ரீஸ்டோர் செய்ய முயன்றோம். ஏறவில்லை. எட்டு மாதத்துக்கு நடுவே சர்வரில் டேட்டாபேஸைப் புதிய பதிப்புக்கு மாற்றியிருந்தேன். டெஸ்க்டாப்பில் இருந்தது பழைய பதிப்பு, புதிய பதிப்பின் ஃபைலை அது படிக்காது. இதுவும் குறிப்பில் இல்லை. அவர் பென்சிலை எடுத்து எழுதிக்கொண்டார். புதிய பதிப்பை ஏற்றி, மறுபடி செய்து முடிக்க மாலை நாலு மணி ஆகிவிட்டது. சனிக்கிழமை ஸ்டோரில் கடைசியாகப் போட்ட வரவுச் சீட்டின் எண்ணை அவர் நோட்டில் குறித்துவைத்திருந்தார். திரையிலும் அதே எண் இருந்தது. அதற்குப் பிறகு ஒன்பதாம் பக்கத்தில் நடந்ததையெல்லாம் அவர் கையெழுத்தில் எழுதினார்: என்ன தப்பு, எத்தனை மாதம், எப்படிச் சரியானது. எண்ணியாகிவிட்டது என்று அவர் கையெழுத்துப் போட்டார், நானும் கீழே போட்டேன். பன்னிரண்டு வருடத்தில் நான் போட்ட கையெழுத்துகளில் அது ஒன்றுதான் எதையாவது பார்த்துவிட்டுப் போட்டது.

ஆடிட்டர் புதன்கிழமை வந்தார். ஒன்பதாம் பக்கத்தைப் பார்த்துவிடுவார் என்று ஜெனரல் மேனேஜர் முகம் வெளுத்து நின்றார். ஆடிட்டர் பதினான்கு பக்கத்தையும் புரட்டினார். பச்சை மெயில்களின் கலர் பிரின்ட் கோப்பைப் பாராட்டினார். கடைசியில் ஒரே ஒரு குறை எழுதினார்: ஒப்படைப்புக் குறிப்புக்கு ஆவண எண்ணும் திருத்த எண்ணும் இல்லை. அதை ஏன் போடவில்லை என்று ஜெனரல் மேனேஜர் என்னிடம் அரைமணி நேரம் கோபித்துக்கொண்டார். அது நான் அங்கே கேட்ட கடைசித் திட்டு. வெள்ளிக்கிழமை ஒரு கேக் வெட்டி என்னை அனுப்பிவைத்தார்கள்.

மூன்று மாதம் கழித்து, நான் அத்திப்பள்ளியில் மதியச் சாப்பாட்டில் இருக்கும்போது என் இடத்துக்கு வந்தவர் போன் செய்தார். காலையில் மின்சாரம் ஏறி இறங்கியதில் டேட்டாபேஸ் சர்வரின் டிஸ்க் எல்லாம் போய்விட்டதாம். வேறு மெஷினில் ரீஸ்டோர் செய்து, ஒரு மணிக்கே ஆட்கள் வேலையைத் தொடங்கிவிட்டார்களாம். காலையில் போட்ட கொஞ்ச என்ட்ரி மட்டும் திரும்பப் போட வேண்டியிருந்தது. எதற்கு எனக்குப் போன் செய்தீர்கள் என்று கேட்டேன். சும்மா, சொல்லணும்னு தோணுச்சு என்றார்.

பிறகு ஒரு விஷயம் சொன்னார். தினசரி மெயிலை அவர் மாற்றியிருந்தார். வெற்றி என்று வருவதற்குப் பதிலாக ஃபைலின் அளவும், உள்ளே இருக்கும் கடைசிச் சீட்டின் எண்ணும் வரும்படி. ஜெனரல் மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. பழைய மெயில் பார்க்கவே நிம்மதியாக இருந்ததே, இதில் வெறும் நம்பர்தானே இருக்கிறது என்றாராம்.

"அப்புறம் என்ன பண்ணீங்க?" என்றேன்.

"நம்பரை பச்சைல போட்டேன் சார். இப்ப ஒண்ணும் சொல்றதில்ல."